சார்ஜரில் முத்திரை இல்லை, ரிமோட்டில் திருகாணி இல்லை: யாரிடம் சொல்வது?

கேள்வி: ஐயா, மூன்று வயது மகனுக்காக இணையச் சந்தையில் நிலா வடிவ இரவு விளக்கு ஒன்றை 24 வெள்ளிக்கு வாங்கினேன். விளக்கு, ஒரு யூஎஸ்பி சார்ஜர், சிறிய ரிமோட் மூன்றும் ஒரே பெட்டியில் வந்தன. சார்ஜர் அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. அதில் ‘5 வோல்ட், 1 ஆம்பியர்’ என்றும், விளக்கின் அடியில் ‘5 வோல்ட், 2 ஆம்பியர்’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு முத்திரை எங்குமே இல்லை. ‘சிஇ’ என்ற எழுத்துகள் மட்டும் உள்ளன. விற்பனையாளரிடம் கேட்டதற்கு, “சிஇ இருந்தால் போதும், பொருளை எறிந்துவிடுங்கள், பாதிப் பணம் தருகிறோம், மதிப்பீட்டை மட்டும் நல்லபடியாக மாற்றுங்கள்” என்கிறார். என் பக்கத்து வீட்டாரும் இதையே வாங்கியிருக்கிறார். இது உண்மையில் ஆபத்தானதா? யாரிடம் புகார் செய்வது? பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, முதலில் சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ரிமோட்டை மகனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆனால் எதையும் எறியாதீர்கள். விற்பனையாளர் எறியச் சொல்வதில் அவருக்கு ஒரு வசதி இருக்கிறது: பொருள் குப்பைக்குப் போய்விட்டால் உங்கள் புகாருக்குச் சான்று இருக்காது. பாதிப் பணம், நல்ல மதிப்பீடு என்ற பேரத்தையும் ஏற்க வேண்டாம். அந்த மதிப்பீட்டை நம்பி இன்னொரு தாய் இதே பெட்டியை வாங்குவார்.

பெட்டியில் இருக்கும் மூன்றையும் சட்டம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இது பலருக்குத் தெரியாததால்தான் புகார்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

சிங்கப்பூரில் 33 வகை வீட்டுப் பொருள்கள் ‘கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள்’ எனப்படுகின்றன. சோறு சமைக்கும் மின்குக்கர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், முடி உலர்த்தி, மேசை விசிறி, பல சாக்கெட் கொண்ட நீட்டிப்புக் கம்பி, சுவரில் செருகும் அடாப்டர் போன்றவை இதில் அடங்கும். இவற்றைத் தரநிலைப்படி சோதித்துச் சான்றிதழ் பெற வேண்டும், உள்ளூரில் விநியோகிப்பவர் பெயரில் பதிவு செய்ய வேண்டும், பிறகு பாதுகாப்பு முத்திரை இட வேண்டும். அதன் பின்னர்தான் விற்கலாம். பதிவு செய்யாமல் விற்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்கள் சார்ஜர் இந்த வகையில் வருகிறது.

விளக்கும் ரிமோட்டும் அப்படியல்ல. 5 வோல்ட்டில் எரியும் விளக்கு, பொம்மை, குழந்தைக் கட்டில் போன்றவை ‘பொதுப் பயனீட்டுப் பொருள்கள்’. இவற்றுக்கு 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் பொருந்தும். விற்பனைக்கு முன் பதிவு தேவையில்லை, பாதுகாப்பு முத்திரையும் இருக்காது. ஆனால் அனைத்துலக, ஐரோப்பிய, அமெரிக்கத் தரநிலைகளில் தமக்குப் பொருந்துவதற்கு இவை இணங்க வேண்டும். பாதுகாப்பற்றது எனத் தெரிந்தால் விற்பனையை நிறுத்தச் சொல்ல அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. எனவே பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘முத்திரை இல்லையே’ என்று பதறவும் வேண்டாம், ‘முத்திரை தேவையில்லை என்றார்கள், அப்படியானால் சரிதான்’ என்று விட்டுவிடவும் வேண்டாம்.

‘சிஇ’ என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. பெரும்பாலான பொருள்களில் தயாரிப்பாளரே ‘நான் விதிகளுக்கு இணங்கிவிட்டேன்’ என்று அறிவித்து அதை இட்டுக்கொள்கிறார். சிங்கப்பூரில் ஒரு சார்ஜரை விற்க அது போதாது.

இனி சார்ஜரைக் கையில் எடுப்போம். மின்சாரத்தில் செருகாமல், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முத்திரை என்பது ‘சேஃப்டி மார்க்’ என்ற ஆங்கிலச் சொற்களுடன் இருக்கும், கூடவே எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். பொருளின் மீது இல்லையென்றால் பெட்டியிலும் தேடுங்கள், சிலர் அங்கே அச்சிடுவார்கள். எண் இருந்தால் வேலை அத்தோடு முடியவில்லை. www.consumerproductsafety.gov.sg தளத்தில் பதிவான பொருள்களைத் தேடும் பகுதி உள்ளது. எண்ணை இட்டால் பதிவு செய்த விநியோகிப்பாளரும், பொருளின் வணிகப் பெயரும், மாதிரி எண்ணும் தெரிய வேண்டும். அந்த மாதிரி எண் உங்கள் கையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. வேறொரு நிறுவனத்தின் கெட்டிலுக்குரிய எண்ணை எடுத்துச் சார்ஜரில் அச்சிட்டிருந்தால் அது முத்திரை இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அது தெரிந்தே செய்த ஏமாற்று. உங்கள் சார்ஜரில் முத்திரையே இல்லை என்கிறீர்கள். அது ஒன்றே புகாருக்குப் போதும்.

இருந்தாலும் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மூன்று முனை பிளக்கின் தரநிலையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. மின்சாரம் ஓடும் முனையின் ஓரத்திலிருந்து பிளக்கின் பிளாஸ்டிக் விளிம்பு வரை குறைந்தது 9.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சார்ஜரைப் பாதி இழுத்த நிலையில் விரல் முனையைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த இடைவெளி அது. மலிவான சார்ஜர்கள் சிறியதாக இருக்க வேண்டும் என்று இந்த இடைவெளியைத்தான் முதலில் விழுங்குகின்றன. 6, 7 மில்லிமீட்டர் என்று வந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகோல் படத்தில் தெரியட்டும். அதே நோக்கத்துக்காகத்தான் கீழிரு முனைகளின் அடிப்பாதியில் கறுப்பு நிற உறை இருக்கிறது. உறையே இல்லாத பிளக் என்றால் அதையும் படம் எடுங்கள். நீளமான மேல்முனையில் பாதி உறை இருக்கக் கூடாது. அது முழுக்க உலோகமாக இருக்கும், அல்லது நிலத்தொடர்பு தேவைப்படாத சார்ஜர்களில் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கும். இரண்டும் சரியே.

சூடு ஏன் வருகிறது? ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட் கிடைக்கும். உங்கள் விளக்கு கேட்பது 5 × 2 = 10 வாட். சார்ஜர் தருவதாகச் சொல்வது 5 × 1 = 5 வாட். ஒரே பெட்டியில், ஒருவரே சேர்த்து விற்ற இரண்டுக்கும் இடையே இரு மடங்கு பொருத்தமின்மை. ஒழுங்காகச் செய்த சார்ஜர், தன் எல்லை தாண்டினால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அல்லது நின்றுவிடும். விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான். உங்களுடையது நிற்கவும் இல்லை, குறையவும் இல்லை, சூடாகிறது. அதாவது உள்ளே இருக்க வேண்டிய காவல் இல்லை அல்லது வேலை செய்யவில்லை. நல்ல சார்ஜரும் வேலை செய்யும்போது இளஞ்சூடாகத்தான் இருக்கும். ஆனால் கையில் வைத்திருக்கவே முடியாத சூடு வரக் கூடாது.

ஆனால் சார்ஜரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவது சூட்டுக்காக அல்ல. சோதனைக்கூடத்தில் முத்திரையில்லாத சார்ஜரைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் சர்க்கியூட் பலகையில் இரு பக்கங்களுக்கும் இடையே விட்டிருக்கும் வெற்றிடத்தை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஒரு பக்கம். அது சார்ஜருக்குள் நேர்மின்சாரமாக மாறும்போது உச்ச அளவான சுமார் 325 வோல்ட்டை எட்டும். மறுபக்கம், உங்கள் மகன் தொடும் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே சிறு மின்மாற்றி ஒன்று உண்டு. கம்பியின் மேல் போதிய காப்பு, பலகையில் சில மில்லிமீட்டர் இடைவெளி, இரு பக்கத்தையும் இணைக்கும் இடத்தில் அதற்கென்றே செய்த கெப்பாசிட்டர் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் இந்தப் பக்கத்து மின்சாரம் அந்தப் பக்கம் தாவாது. மலிவானவற்றில் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதையும், கம்பியின் மேல் ஒற்றைப் பூச்சு மட்டுமே இருப்பதையும் பார்க்கலாம். சூடு அந்தப் பூச்சை மெல்ல மெல்ல உரிக்கிறது. ஒருநாள் அது விலகினால் யூஎஸ்பி முனையிலும் கம்பியிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே ‘ஒரு மாதமாக ஓடுகிறதே’ என்பது பாதுகாப்புக்குச் சான்றில்லை.

வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டினால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் அது இருக்கவில்லை. 2023 ஜூலையில் எரிசக்திச் சந்தை ஆணையம் எல்லாக் குடியிருப்புகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்தது. அந்தக் கருவி உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் அதிர்ச்சி தாக்கிய பிறகுதான் அது துண்டிக்கும், முதல் அடி விழாமல் தடுப்பது சார்ஜரின் காப்புதான். கருவி இருக்கிறது என்பதற்காக மோசமான சார்ஜரைக் குழந்தையின் கட்டிலருகே விடக் கூடாது.

இந்தக் கடிதத்தில் என்னை இன்னும் கலங்க வைத்தது ரிமோட். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதவில்லை, ஆனால் பெட்டியில் உடனடி ஆபத்து அதுதான். அந்த மெல்லிய ரிமோட்டுகளில் பெரும்பாலும் சிஆர்2025 என்ற தட்டையான லித்தியம் பேட்டரி இருக்கும். எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்கு இதைவிட மோசமான அளவு கிடையாது. சிக்கியதும், ஈரத் திசுவின் வழியே மின்னோட்டம் ஓடி, எதிர்முனை தொடும் இடத்தில் காரம் உருவாகும். அந்தக் காரம் திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். பழைய பேட்டரி என்றாலும் விதிவிலக்கில்லை. ரிமோட்டை இயக்கப் போதாத மின்சாரமும் திசுவை எரிக்கப் போதும்.

எனவே சிறுவர் அருகே இருக்கும் பொருளில் பேட்டரி அறை எளிதில் திறக்கக் கூடாது. திருப்புளி போன்ற கருவி கொண்டு மட்டுமே திறக்க வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வேறு வேறு அசைவுகள் செய்தால்தான் திறக்க வேண்டும். உங்கள் ரிமோட்டை நீங்களே, மகன் இல்லாத அறையில், சோதியுங்கள். பின்புறத்துத் தட்டை நகத்தால் இழுத்ததும் பேட்டரி வெளியே வந்தால், அல்லது மேசை உயரத்திலிருந்து விழுந்ததும் மூடி கழன்றால், அது குறைபாடு. மூடியில் எங்கும் திருகாணி இல்லையென்றால் படம் எடுங்கள். திருகாணி இருந்தாலும் துளையில் சும்மா சுழன்று இறுகாமல் நின்றால் அதையும் குறிப்பிடுங்கள். பெட்டியில் ‘3 வயதுக்குக் கீழ் வேண்டாம்’ என்ற எச்சரிக்கை இருக்கலாம். எச்சரிக்கை பேட்டரியைப் பூட்டிவிடாது. அதிலும், நிலா விளக்கு என்று படுக்கையறைப் படத்துடன் விற்றுவிட்டு, குழந்தைக்கு வேண்டாம் என்று சிற்றெழுத்தில் போடுவதை நான் ஏற்கவில்லை.

மகன் பேட்டரியை விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் சிறுவர்களுக்கான 24 மணி நேர அவசரப் பிரிவு உள்ளது. மூச்சுத்திணறல், இரத்த வாந்தி போன்றவை இருந்தால் 995. வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். அதே வகைப் பேட்டரியோ அதன் உறையோ கிடைத்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எச்சில் ஒழுகுதல், விழுங்க முடியாமை, இருமல் என்று தொடங்கி சளிக்காய்ச்சல் போலத் தோன்றும், அதனால்தான் பல பெற்றோர் தாமதிக்கிறார்கள்.

இப்போது புகார். செல்ல வேண்டிய இடம் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு அலுவலகம். மேலே சொன்ன அதே தளத்தில் பாதுகாப்பற்ற பொருளைப் பற்றித் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. புகாரை வலுவாக்குவது கோபமல்ல, தகவல். முதலில் இணையப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். விலை, விற்பனையாளரின் பெயர், எந்த நாட்டிலிருந்து அனுப்புகிறார் என்பது, பொருள் விளக்கம் எல்லாம் தெரிய வேண்டும். உங்கள் புகார் போனதும் அந்தப் பக்கம் மறைந்து, மறுநாள் வேறு பெயரில் முளைக்கக்கூடும், எனவே இணைப்பு முகவரியையும் நகலெடுத்து வையுங்கள். விற்பனையாளர் அனுப்பிய செய்திகளையும் படமாக வையுங்கள், ‘எறிந்துவிடுங்கள்’ என்பது உட்பட. பிறகு சார்ஜரின் முன்பக்கம், முனைகள் உள்ள பக்கம், அச்சிட்ட பக்கம், விளக்கின் அடிப்பகுதி, ரிமோட்டின் பின்புறம், பெட்டியின் ஆறு பக்கங்கள் என்று படம் எடுங்கள். அச்சிட்ட எழுத்துகள் படிக்கும்படி இருக்க வேண்டும். மங்கலான படங்களால் புகார்கள் தேங்குகின்றன, ஏனென்றால் மாதிரி எண் இல்லாமல் அதிகாரியால் ஒன்றையும் தேட முடியாது.

எழுதும் வரிகள் நீண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன், நீங்கள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம்:

“இன்ன தேதியில், இன்ன இணையச் சந்தையில், இன்ன விற்பனையாளரிடம் நிலா வடிவ இரவு விளக்கை வாங்கினேன். ஆர்டர் எண் இது. பெட்டியில் யூஎஸ்பி சார்ஜரும் ரிமோட்டும் இருந்தன. சார்ஜரிலும் பெட்டியிலும் பாதுகாப்பு முத்திரை இல்லை. மாதிரி எண் இது. முனையிலிருந்து விளிம்பு வரை இத்தனை மில்லிமீட்டர். விளக்கு 2 ஆம்பியர் கேட்கிறது, சார்ஜரில் 1 ஆம்பியர் என்றிருக்கிறது. அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. ரிமோட்டின் பேட்டரி அறை திருகாணி இல்லாமல் கையாலேயே திறக்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை உண்டு. காயம் ஏதும் இல்லை. பொருள் என்னிடம் இருக்கிறது, தேவைப்பட்டால் தருகிறேன். அருகில் இன்னொரு குடும்பமும் இதே பொருளை வாங்கியுள்ளது.”

இதில் ‘காயம் ஏதும் இல்லை’ என்பதை மறைக்காதீர்கள், மிகைப்படுத்தவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரும் தனியே ஒரு புகார் அனுப்பட்டும். ஒரே மாதிரி எண்ணுடன் இரு வேறு வீடுகளிலிருந்து புகார் வந்தால், அது ஒரு தனிப்பொருளின் பழுதா, மொத்த வடிவமைப்பின் குறையா என்று பிரித்தறிய உதவும். பொருளில் தீப்பற்றியிருந்தாலோ யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தாலோ முதலில் 995, புகார் அதன் பிறகு.

அலுவலகம் என்ன செய்யும்? பொருள் இங்கேயே உள்ள விநியோகிப்பாளரிடமிருந்து வந்திருந்தால், விளக்கம் கேட்கலாம், சோதிக்கலாம், விற்பனையை நிறுத்தலாம், வழக்கும் தொடரலாம். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் அவரை நேரடியாகத் தண்டிப்பது கடினம். அப்போது இணையச் சந்தையிடம் சொல்லி அந்தப் பட்டியலை எடுக்கச் செய்யும். அதனால்தான் அனுப்பும் நாட்டைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். உங்களுக்கு உடனுக்குடன் ஒவ்வொரு நகர்வும் தெரிவிக்கப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் கூடுதல் தகவலோ பொருளோ கேட்டால் கொடுங்கள்.

பணம் வேறு கதவு. பொருள் பாதுகாப்பு அலுவலகம் உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. உங்கள் 24 வெள்ளிக்கு முதல் வழி இணையச் சந்தையின் பணம் திருப்பும் நடைமுறை. அதற்குக் கால வரம்பு உண்டு, எனவே புகாரின் முடிவுக்குக் காத்திராமல் இன்றே தொடங்குங்கள். காரணமாக ‘மனம் மாறிவிட்டது’ என்பதைத் தேர்வு செய்யாதீர்கள். ‘பாதுகாப்பற்றது, விளக்கத்துக்குப் பொருந்தவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆம்பியர் பொருத்தமின்மையின் படத்தைச் சேருங்கள். பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால், பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் செய்திருப்பதையும், அது கேட்கக்கூடும் என்பதையும் இணையச் சந்தைக்கு எழுதி, படங்களின் அடிப்படையில் தீர்க்கும்படி கேளுங்கள். ஒப்பவில்லையென்றால் முழு விவரங்களையும் படமெடுத்து முடித்த பிறகு அனுப்பலாம்.

உள்ளூர் விற்பனையாளராக இருந்து அவர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ உதவும். அதற்கும் மேல் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கொண்டு போகலாம், வாங்கியவருக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் கருதும். அதை மறுப்பது விற்பவர் பொறுப்பு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள இந்த விதி உங்கள் பக்கம் பெரிய பலம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், வெளிநாட்டு விற்பனையாளரின் 24 வெள்ளிக்கு நடுவர் மன்றம் ஏற வேண்டாம், இணையச் சந்தையிலேயே விடாமல் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். விளக்கை என்ன செய்வது? அலுவலகத்திலிருந்து பதில் வரும்வரை மொத்தப் பெட்டியையும் உறையில் கட்டி அலமாரியில் வையுங்கள். அதைப் பயன்படுத்தாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், இரண்டாம் கையாகவும் விற்காதீர்கள். மகன் இருட்டில் தூங்க மறுத்தால், முத்திரையுள்ள சார்ஜரைக் கொண்டு இயங்கும் வேறு விளக்கு ஒன்றை வாங்குங்கள். அந்தச் சார்ஜரின் எண்ணைத் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, விளக்கு கேட்கும் ஆம்பியருக்குக் குறையாமல் தருவதாக அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகமாகத் தந்தால் பாதகமில்லை. விளக்கு தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். இரண்டு முனைப் பிளக்கோடு வரும் பொருளை, பேனாவால் மேல்துளையைத் தள்ளித் திறந்து செருகும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. கீழ்த்துளைகளின் மூடி குழந்தை எதையும் உள்ளே நுழைக்காமல் தடுப்பதற்காக வைத்தது, அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடலாம், அறையின் படம் எடுத்த பிறகு. கழற்றியதும் அதன் இரு பக்கத்திலும் ஒட்டுநாடாவைச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், பூட்டிய இழுப்பறையில் வையுங்கள். புகாரின் வேலை முடிந்ததும் அதையும் சார்ஜரையும் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், மின்கழிவுக்கென வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். சார்ஜரின் கம்பியை முதலில் வெட்டிவிடுங்கள், வேறு யாரும் அதை எடுத்துச் செருகிவிடாமல்.